அப்பத்தாவின் பழைய போட்டோவை ஓரம் நறுக்கிய விதம்

பெட்டியில் கிடந்த அந்தக் கறுப்பு வெள்ளைக் குடும்பப் படத்தின் இடது ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. "அரிச்சதை நறுக்கிட்டு ஃபிரேம் போட்டுக் குடு ராசா" என்றார் அப்பத்தா. முதல் முறையாக இப்படி ஒரு படத்தில் கை வைப்பவர்களுக்காக, அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன்.

முதல் வேலை ஸ்கேன். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது, அதனால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டி.பி.ஐ-யில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், எங்கள் படத்தில் தாத்தா பென்சிலில் எழுதிய பெயர்கள் அங்கேதான் இருந்தன. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, படத்தை ஓரமாக மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்டால் நாளடைவில் கறையாகிவிடும்.

அடுத்தது அளவு. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். படத்தில் கோடு போடாமல், ஒரு வெள்ளைத்தாள் பட்டையை அரித்த ஓரத்தின் மேல் வைத்து அப்பத்தாவிடம் காட்டினேன். ஒரு சென்டிமீட்டர் போனால் ஓரம் சுத்தமாகிவிடும் என்பது என் கணக்கு. அவரோ பட்டையை விரலால் மெல்ல வெளியே தள்ளி, "இங்க எங்கக்கா கை இருக்கு, அது போகக் கூடாது" என்றார். கூர்ந்து பார்த்தால் நாற்காலிக் கையில் நாலு விரல், ஒரு வளையல்! அந்த அக்காவுக்கு வேறு படமே கிடையாதாம். சரி, 6 மில்லிமீட்டர் போதும் என்று முடிவானது. மிச்சமிருக்கும் சின்ன அரிப்பை, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரங்களைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டமான மவுண்ட் போர்டு மறைத்துக்கொள்ளும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். பழைய போட்டோ அட்டை வளைந்தாலே மேல்பூச்சு வெடித்துவிடும். தடித்த அட்டைமேல் படத்தை முகம் மேலே இருக்கும்படி வைத்து, ஸ்டீல் ஸ்கேலை நாம் காப்பாற்ற வேண்டிய பகுதியின் மேல், நடுவில் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து அழுத்திப் பிடியுங்கள். அப்போது கத்தி வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் போகும். கட்டரில் புது பிளேடு போட்டு, முதலில் கழிவு ஓரத்திலேயே சின்னதாக ஒரு கீறல் போட்டுப் பாருங்கள்: கோடு சுத்தமாக விழுந்தால் தொடரலாம், செதில் செதிலாகப் பெயர்ந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது பூச்சு மிகவும் காய்ந்துபோயிருக்கிறது. பிளேடை மாற்றியும் பெயர்ந்தால் வெட்டாதீர்கள், மவுண்ட் போர்டாலேயே ஓரத்தை மறைத்துவிடலாம். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல், அழுத்தம் கொடுக்காமல் அதே கோட்டில் நாலைந்து முறை இழுத்தால் பட்டை தானாகக் கழன்று வரும்.

அப்புறம் ஃபிரேம். செலோடேப், ஃபெவிக்கால் எதுவும் படத்தில் படக் கூடாது, நாலு மூலையிலும் காகித மூலை மடித்துச் செருகினால் போதும். மவுண்ட் போர்டு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கண்ணாடியில் நேரடியாகப் பட்ட படம் மழைக்காலத்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. நறுக்கிய பட்டையை ஒரு கவரில் போட்டு ஃபிரேமுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார் அப்பத்தா, வைத்திருக்கிறேன்.