துபாய் சலூன் ஆஃபரில் நான் திருத்திய வரிகள்

வடபழனி ஏஜென்ட் தந்த ஆஃபரில் மாதம் 3,000 திர்ஹாம். பிரித்தால் அடிப்படைச் சம்பளம் 1,200, தங்குமிடப் படி 800, மீதி 1,000 கமிஷன். டார்கெட் தொடாத மாதம் கைக்கு 2,000தான்!

அமீரகத்தில் கிராஜுவிட்டியும் ஓவர்டைமும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கு. கிராஜுவிட்டி முதல் 5 ஆண்டுகளுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,200க்கு அது 840, 1,800 என்றால் 1,260. அதனால் அடிப்படையை 1,800 ஆக்கவும், கமிஷன் எத்தனை சதவீதம், எந்தத் தொகைக்கு மேல் என்று எழுதவும் கேட்டு வாங்கினேன்.

"விசா செலவு சம்பளத்தில் பிடிக்கப்படும்" என்ற வரியையும் அடிக்கச் சொன்னேன். அங்குள்ள சட்டப்படி அது முதலாளி செலவு. விசிட் விசாவில் வந்து வேலையைத் தொடங்கு என்பார்கள். அது சட்டவிரோதம், மறுத்துவிட்டேன். வேலை அனுமதி வந்த பிறகே டிக்கெட்.