அணுஉலைத் தொட்டியின் நீல ஒளி: பலரும் இடறும் இடங்கள்

மும்பையை அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா, நீர்த்தொட்டி வகை அணுஉலை. எரிபொருள் அடங்கிய உள்ளகம் பல மீட்டர் ஆழத்தில் தூய நீருக்குள் மூழ்கியிருக்கும். இத்தகைய உலை இயங்கும்போது மேலிருந்து எட்டிப் பார்த்தால் உள்ளகத்தைச் சுற்றித் தெளிவான நீல ஒளி தெரியும். அதன் பெயர் செரென்கோவ் ஒளி. அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தில், அதாவது துகள் எட்ட வேண்டிய குறைந்தபட்ச வேகத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாததில் தொடங்குகின்றன.

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33 என்பதால், நீருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,25,000 கி.மீ. வேகத்தில்தான் போகிறது. மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று நீரில் இந்த வேகத்தைத் தாண்டிச் சென்றால் செரென்கோவ் ஒளி பிறக்கும். நிபந்தனை இவ்வளவுதான்: v > c/n. "அப்படியானால் ஐன்ஸ்டைன் சொன்னது பொய்யா?" என்று கேட்பவர்கள் இரண்டு வேகங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். எந்தத் துகளாலும் மிஞ்ச முடியாதது வெற்றிடத்தில் ஒளியின் வேகம். இங்கே துகள் மிஞ்சுவது நீருக்குள் குறைந்துபோன ஒளியின் வேகத்தை. சார்பியல் கோட்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

துகள் வேகம் குறைவதால் இந்த ஒளி வருகிறது என்பதும் தவறு. வேகம் குறையும்போது வருவது வேறு வகைக் கதிர்வீச்சு. செரென்கோவ் ஒளியை உமிழ்வது நீர்தான். துகள் கடக்கும்போது வழியோரத்து நீர் மூலக்கூறுகளின் மின்னூட்டங்கள் கணநேரம் இழுபட்டுத் திரும்புகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் சிற்றலை ஒன்று கிளம்புகிறது. துகள் மெதுவாகப் போனால் அந்தச் சிற்றலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அலைகளை முந்திச் செல்லும் படகின் பின்னால் நீர் 'வி' வடிவில் விரிவதைப்போல, துகள் தன் அலைகளை முந்தினால் அவை ஒன்றுசேர்ந்து கூம்பு வடிவில் ஒளியாகப் பரவும்.

இனி, விடைத்தாள்களில் அதிகம் காணப்படும் தவறு. எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் இருந்தால் நீரில் இந்த ஒளி வரும் என்ற கேள்விக்கு, பள்ளியில் படித்த ½mv² சூத்திரத்தை எடுத்துப் போடுகிறார்கள். எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றல் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். வேகம் ஒளியின் வேகத்தில் 0.752 பங்கு, அதன் வர்க்கம் 0.565. அந்தச் சூத்திரப்படி விடை சுமார் 144 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இது உண்மை மதிப்பில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஒளியின் வேகத்தில் முக்கால் பங்கை எட்டிய துகளுக்குச் சார்பியல் கணக்குதான் பொருந்தும்:

γ = 1/√(1 − 0.565) ≈ 1.517

இதிலிருந்து ஒன்றைக் கழித்து ஓய்வு ஆற்றலால் பெருக்க வேண்டும். 0.517 × 511 ≈ 264 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நீரில் ஓர் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய வாசல் இதுவே.

இந்த 264-ஐ எல்லாத் துகள்களுக்கும் பொதுவான எண்ணாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. எல்லோருக்கும் பொதுவானது வேகம் மட்டுமே. அந்த வேகத்தை எட்டத் தேவையான ஆற்றல் நிறைக்கு ஏற்ப மாறும். புரோட்டானுக்கு அது சுமார் 485 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஆல்ஃபா துகளுக்கு ஏறக்குறைய 1,900 மெகா எலக்ட்ரான் வோல்ட். யுரேனியம் வெளியிடும் ஆல்ஃபா துகளிடம் இருப்பதோ நான்கைந்து மெகா எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரான் வாசலைப்போல் பல மடங்கு ஆற்றல் அதனிடம் இருந்தும், நீரில் அது இந்த ஒளியை ஒருபோதும் தராது. பீட்டா கதிராக வருவது எலக்ட்ரானே என்றாலும் அதுவும் எப்போதும் போதாது. டிரிட்டியத்தின் பீட்டா அதிகபட்சம் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். டிரிட்டியம் கலந்த நீர் இந்த வழியில் ஒளிராது.

அப்படியென்றால் உலைத் தொட்டியில் ஒளியைத் தருவது யார்? "காமா கதிர்" என்று பலர் சட்டென்று எழுதிவிடுகிறார்கள். காமாவுக்கு மின்னூட்டமே கிடையாது, நியூட்ரானுக்கும் கிடையாது. அவை நேரடியாக இந்த ஒளியைத் தர முடியாது. எரிபொருளுக்குள் பிறக்கும் பீட்டா துகள்களில் பெரும்பகுதி எரிபொருளிலும் அதன் உலோக உறையிலுமே நின்றுவிடும். காமா உறையைத் தாண்டி நீருக்குள் வருகிறது. அங்கே ஓர் எலக்ட்ரானை மோதித் தள்ளுகிறது. இதற்குக் காம்ப்டன் சிதறல் என்று பெயர். அப்படித் தள்ளப்பட்ட எலக்ட்ரான் 264-ஐத் தாண்டியிருந்தால் ஒளி வரும். அதற்குக் காமாவின் ஆற்றல் குறைந்தது சுமார் 420 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும். சீசியம்-137 தரும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா, அதிகபட்சமாக 477 வரை எலக்ட்ரானுக்குக் கொடுக்கும். ஆகவே அதனால் முடியும்.

வாசலைத் தாண்டியதும் விளக்குப் போட்டதுபோல் முழு ஒளியும் வந்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. சரியாக வாசலில் ஒளியின் அளவு பூஜ்யம். 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானின் ஒளிக்கூம்பு அதன் பாதையோடு ஏறத்தாழ 14 பாகைக் கோணமே விரிந்திருக்கும். ஒரே தூரத்தைக் கடக்கையில் அது தரும் ஒளி, மிக வேகமான எலக்ட்ரான் தருவதில் ஏழில் ஒரு பங்குதான். உச்ச வேகத்தில் கோணம் 41 பாகையை நெருங்கும்.

ஏன் நீலம்? நீல நிறத்தில் ஒளி உச்சம் அடைகிறது என்பது தவறான பதில். இந்த ஒளி எல்லா அலைநீளங்களிலும் தொடர்ச்சியாக வருகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது. 700 நானோமீட்டர் சிவப்புக்கு அருகில் வருவதைப்போல் மூன்று மடங்கு 400 நானோமீட்டர் ஊதாவுக்கு அருகில் வரும். புற ஊதாவில் இன்னும் அதிகம், ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரியாது. ஊதாவையும் கண் மங்கலாகவே உணரும். சிவப்பை நீர் ஓரளவு உறிஞ்சிவிடும். எல்லாம் சேர்ந்து நமக்கு நீலமாகத் தெரிகிறது.

இதை, கதிர்வீச்சால் தூண்டப்பட்ட மூலக்கூறுகள் உமிழும் சாதாரண ஒளிர்தல் என்று நினைப்பதும் பழைய தவறு. 1934-இல் வவிலோவின் வழிகாட்டலில் பாவெல் செரென்கோவ் செய்த சோதனைகள் அதைத்தான் உடைத்தன. ஒளிர்தலை அணைக்கும் பொருள்களைக் கலந்தும், திரவத்தைச் சூடாக்கியும் இந்த ஒளி குறையவில்லை. 1937-இல் ஃபிராங்கும் டாமும் கோட்பாட்டு விளக்கம் தந்தார்கள். மூவருக்கும் 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: அணு விபத்துகளில் காற்றில் தெரிந்த நீல மின்னலையும் செரென்கோவ் ஒளி என்று எழுதுவது. காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.0003 என்பதால் அங்கே எலக்ட்ரானுக்கு 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அணுப்பிளவிலிருந்து அவ்வளவு ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் வருவதில்லை. காற்றில் தெரிவது, தூண்டப்பட்ட நைட்ரஜன் மூலக்கூறுகள் உமிழும் ஒளி.

நீல ஒளி தெரிந்தால் தொடர்வினை நடக்கிறது என்று பொருள் கொள்வதும் சரியல்ல. உலையை நிறுத்திய பிறகும் பிளவுப் பொருள்கள் சிதைந்துகொண்டே காமாவை வெளியிடுகின்றன. ஒளி மங்கினாலும் நீடிக்கும். பயன்படுத்திய எரிபொருளைச் சேமிக்கும் குளங்களில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் இதையே கருவியாக்கிக்கொள்கிறார்கள். புற ஊதா ஒளியைப் பதிவுசெய்யும் கருவியோடு நேர் மேலிருந்து பார்த்து, ஒவ்வொரு எரிபொருள் கட்டும் அதற்குரிய ஒளியைத் தருகிறதா, அல்லது அதன் இடத்தில் வெற்றுப் போலி வைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள்.