இடுப்பு எலாஸ்டிக் சீக்கிரம் போகாமல் இருக்க

மதுரை வெயிலில் டவுசர், நைட் பேன்ட்டைக் காயப்போடும்போது இடுப்புப் பகுதி நிழலில் விழும்படி போடுங்கள். எலாஸ்டிக் கூடுதல் நாள் வரும். பழைய எலாஸ்டிக்கில் இருப்பது ரப்பர் நூல். வெயில், சூடு, தேங்காயெண்ணெய் எல்லாம் சேரும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் தாக்குகிறது. சங்கிலி அறுந்தால் பிசுபிசுக்கும்; ஒன்றோடொன்று கூடுதலாகப் பிணைந்தால் விறைத்து, இழுத்ததும் நொறுங்கும். பீரோவில் சும்மா கிடந்தாலும் இது மெதுவாக நடக்கும்.

இப்போது லெகிங்ஸில் வரும் ஸ்பான்டெக்ஸ் ரப்பரே இல்லை, பாலியூரித்தேன் இழை. எண்ணெயும் வியர்வையும் அதை அவ்வளவு பாதிக்காது; குளோரின் பிளீச்சும் அதிகச் சூட்டு இஸ்திரியும்தான் எமன். ஏற்கெனவே பிசுபிசுத்த ரப்பருக்கு நிழல் உதவாது. பட்டையை உருவிவிட்டுப் புதுசு கோத்துவிடுங்கள்.