ஒரே கட்டிடம், இரண்டு மதிப்பு: அடக்க விலையையும் நியாய மதிப்பையும் நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி?

ஒரு சொத்தை வாங்கிய விலையிலேயே கணக்கில் வைத்திருப்பதா, இன்றைய சந்தை மதிப்புக்கு மாற்றி எழுதுவதா? பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி பதில் இருக்கும்: அடக்க விலை நம்பகமானது, நியாய மதிப்பு முடிவெடுக்கப் பொருத்தமானது. தேர்வு எழுத அது போதும். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் போதாது. அதனால் வாடகைக்கு விட்ட ஒரு கட்டிடத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

கட்டிடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. வாடகைக்காகவோ விலையேற்றத்துக்காகவோ வைத்திருக்கும் நிலம், கட்டிடங்களுக்கு ஐஏஎஸ் 40 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது. நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அப்படிப்பட்ட தன் சொத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அதையே பின்பற்ற வேண்டும். ஒரே பொருளை இரண்டு கண்ணாலும் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

படி 1: அடக்க விலையில் எழுதுங்கள்

எண்கள் எல்லாம் லட்சத்தில். நிலமும் கட்டிடமும் சேர்த்து 600-க்கு வாங்கியாயிற்று. அதில் நிலம் 200, கட்டிடம் 400. கட்டிடத்தின் ஆயுள் 40 ஆண்டு என்று வைத்தால் ஆண்டுத் தேய்மானம் 10. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. ஐந்து ஆண்டு முடிந்ததும் இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும் தொகை 550.

செலவெல்லாம் போக ஆண்டுக்கு நிகர வாடகை 56. தேய்மானம் 10-ஐக் கழித்தால் லாபம் 46. பத்திரத்தையும் வங்கிக் கணக்கையும் வைத்து தணிக்கையாளர் இதைச் சீக்கிரமே சரிபார்த்துவிடுவார்.

ஆனால் இதிலும் ஊகம் இருக்கிறது. 600-இல் நிலத்தின் பங்கு 200 என்று பிரித்தது யார்? ஆயுள் 40 ஆண்டு என்றது யார்? பத்திரம் சொல்வது 600 ஒன்றைத்தான், மற்றவை மதிப்பீடுகள். அடக்க விலையின் நம்பகத்தன்மையைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

படி 2: நியாய மதிப்பைக் கண்டுபிடியுங்கள்

நியாய மதிப்பை அளப்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 13. அது தரும் வரையறையின் சாரம் இது: மதிப்பிடும் நாளில், சந்தையில் பங்கெடுப்பவர்களுக்கிடையே முறையான ஒரு விற்பனை நடந்தால் அந்தச் சொத்துக்குக் கிடைக்கும் விலை. வாங்கும் விலை அல்ல, விற்கும் விலை. அவசரத்தில் அள்ளிக் கொடுக்கும் விலையும் அல்ல.

இந்த விலைக்கான ஆதாரங்களை அதே தரநிலை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. அதே பொருளுக்குச் சுறுசுறுப்பான சந்தையில் விலை இருந்தால் அது முதல் நிலை. பங்குச் சந்தையில் தினமும் கைமாறும் பங்குகள் இதில் வரும். நேரடி விலை இல்லாவிட்டாலும், சந்தையில் பார்க்க முடிகிற மற்ற எண்களிலிருந்து கணக்கிட முடிந்தால் இரண்டாம் நிலை. சந்தையில் பார்க்க முடியாத அனுமானம் கணிசமாகக் கலந்துவிட்டால் மூன்றாம் நிலை. கட்டிடங்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும், ஏனென்றால் ஒரு கட்டிடத்தைப் போலவே இன்னொன்று இருப்பதில்லை.

மதிப்பீட்டாளர்கள் அடிக்கடி கையாளும் எளிய சூத்திரம்:

```
மதிப்பு = ஆண்டு நிகர வாடகை ÷ வருவாய் விகிதம்
```

வருவாய் விகிதத்தை அண்மையில் விற்ற கட்டிடங்களிலிருந்து எடுப்பார்கள். நம் கட்டிடத்தை ஒத்த மூன்று விற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 30 வாடகை வரும் கட்டிடம் 430-க்குப் போனது, சுமார் 7 சதவீதம். 45 வருவது 560-க்கு, சுமார் 8. 50 வருவது 555-க்கு, 9. மதிப்பீட்டாளர் நடுவில் இருக்கும் 8-ஐ எடுக்கிறார். 56-ஐ 8 சதவீதத்தால் வகுத்தால் 700.

போன ஆண்டு மதிப்பு 680 என்றால், 20 உயர்வு. நியாய மதிப்பு முறையில் இந்த உயர்வு நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும், தேய்மானம் கிடையாது. லாபம் 56 + 20 = 76.

விற்கலாமா, இதை ஈடு வைத்து எவ்வளவு கடன் கேட்கலாம் என்று யோசிப்பவருக்கு 700 உதவும். 550 அவருக்கு ஒன்றுமே சொல்லாது. பொருத்தம் என்று சொல்வது இதைத்தான்.

படி 3: விகிதத்தை ஆட்டிப் பாருங்கள்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் இதற்காகத்தான் முந்தைய இரண்டு படியும். 8-க்குப் பதிலாக 7-ஐயும் 9-ஐயும் போடுங்கள்:

| விகிதம் | மதிப்பு | மதிப்பு மாற்றம் | லாபம் |
|---|---|---|---|
| 7% | 800 | +120 | 176 |
| 8% | 700 | +20 | 76 |
| 9% | 622 | −58 | −2 |

கட்டிடமும் மாறவில்லை, வாடகையும் மாறவில்லை. கைக்கு வந்த பணம் மூன்று வரியிலும் 56-தான். லாபம் மட்டும் 176-இலிருந்து நட்டம் 2 வரை ஆடுகிறது. மூன்று விகிதமும் உண்மையாக நடந்த விற்பனையிலிருந்து வந்தவை, அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பொய் என்று சொல்லிவிட முடியாது. லாபத்தைப் பார்த்து நிர்வாகத்துக்கு ஊக்கத்தொகை என்றால், 7-க்குச் சாதகமான காரணங்கள் தாமாகவே கிடைக்கும்!

சரி, அப்படியானால் அடக்க விலையோடு நின்றுவிடலாமா? அங்கே வேறொரு கதவு திறந்திருக்கிறது. 550 என்று எழுதியிருக்கும் கட்டிடத்தை நிர்வாகம் 700-க்கு விற்றால், ஐந்து ஆண்டில் சேர்ந்த லாபம் 150-உம் விற்ற ஆண்டின் லாபமாக வந்து நிற்கும். எந்த ஆண்டு லாபம் குறைகிறதோ அந்த ஆண்டு எதை விற்கலாம் என்று தேடினால் போதும். மதிப்பை யாரும் திரிக்கவில்லை, விற்கும் நாளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

2010-இல் சர்வதேச கணக்கியல் தரநிலை வாரியம் தரநிலைகளுக்கு அடிப்படையான தன் கருத்துருச் சட்டகத்தை மாற்றியபோது, நம்பகத்தன்மை என்ற பண்பின் இடத்தில் உண்மைக்கு ஒத்த சித்திரிப்பு என்பதை வைத்தது. முழுமையாக, ஒருபக்கம் சாயாமல், பிழையின்றி இருக்க வேண்டும். இங்கே பிழையின்மை என்றால் எண் துல்லியமாக இருப்பது அல்ல. மதிப்பீடு என்று தெளிவாகச் சொல்லி, போட்ட முறையை விளக்கி, அந்த முறையைச் சரியாகக் கையாண்டால் போதும். அந்த அளவில் 700-உம் தேறும். ஆனால் எந்த விகிதம் என்று சொல்லாத 700 தேறாது.

படி 4: குறிப்புகளைப் படியுங்கள்

இப்போது உண்மையான ஆண்டறிக்கைக்கு வாருங்கள். அடக்க விலை முறையைப் பின்பற்றும் நிறுவனமும், வாடகைக் கட்டிடங்களின் நியாய மதிப்பைக் கணக்குகளோடு வரும் விளக்கக் குறிப்புகளில் சொல்லியாக வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் 550 இருந்தால் விளக்கக் குறிப்புகளில் 700-ஐத் தேடுங்கள், இருக்கும்.

நியாய மதிப்பு முறை என்றால், மூன்றாம் நிலை என்ற தலைப்பில் முக்கியமான அனுமானங்களை எண்ணில் தந்திருப்பார்கள். வருவாய் விகிதம் அங்கே கிடைக்கும். ஆனால் விகிதம் மாறினால் மதிப்பு எவ்வளவு மாறும் என்பதைக் கட்டிடங்களுக்குச் சொற்களில் விளக்கினாலே தரநிலைக்குப் போதும். "விகிதம் கூடினால் மதிப்பு குறையும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அதனால்தான் படி 3-ஐ நீங்களே போட வேண்டியிருக்கிறது.

லாபத்திலிருந்து மதிப்பு உயர்வைக் கழித்தும் ஒருமுறை பாருங்கள். 76-இல் 20 இன்னும் பணமாகவில்லை. பங்காதாயம் 60 கொடுத்திருந்தால், வாடகையைத் தாண்டி எங்கிருந்து கொடுத்தார்கள் என்று கேட்கலாம்.

அப்புறம், விற்ற கட்டிடங்கள் இருந்தால் விற்ற விலையை அதற்கு முந்தைய ஆண்டின் நியாய மதிப்போடு ஒப்பிடுங்கள். 700 என்று எழுதியது 640-க்குப் போனால் அது ஒரு தடவை நடக்கக்கூடியதுதான். சில ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது சில கூடுதலாகவும் சில குறைவாகவும் போயிருந்தால் மதிப்பீட்டில் சாய்வு இல்லை. எல்லாமே எழுதிய மதிப்புக்குக் கீழே போயிருந்தால், இன்னும் விற்காமல் இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும் மற்ற கட்டிடங்களின் மதிப்பையும் அதே விகிதத்தில் குறைத்துப் படியுங்கள்.