நேராகப் போவதற்கு எதற்கு ஹசார்ட்? வண்டி விளக்குகளை மற்றவர்கள் தவறாகப் படிக்கும் இடங்கள்

சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று சொல்ல நான்கு இண்டிகேட்டர்களையும் சேர்த்து மின்னவிடும், அதாவது ஹசார்ட் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இடப்பக்கம் திரும்ப இடது விளக்கு, வலப்பக்கம் திரும்ப வலது விளக்கு, அப்படியானால் நேராகப் போக இரண்டும் என்று கணக்குப் போட்டால் நியாயமாகத்தான் தோன்றும். வண்டி ஓட்டக் கற்ற புதிதில் நானும் சில மாதங்கள் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் கிளைச்சாலையின் முனையில் காத்து நிற்க நேர்ந்தபோது அந்தப் பழக்கம் விட்டுப்போனது. அன்று எனக்கு எதிர்ப்பட்ட காட்சியை விரித்தே சொல்கிறேன்.

வண்டிகள் இடப்பக்கமாக ஓடும் சாலை என்று வைத்துக்கொள்வோம்; வலப்பக்கம் ஓடும் நாடுகளில் இருப்பவர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். நான் இடப்புறக் கிளைச்சாலையில் நிற்கிறேன், பெரிய சாலையில் சேர வேண்டும். என் வலப்பக்கத்திலிருந்து ஒரு வேன் வருகிறது, அதன் பின்னால் ஒரு கார். நான் சாலையோரத்தில் இருப்பதால், வேனைத் தாண்டி அந்தக் காரின் இடது முன்மூலை மட்டும் எனக்குத் தெரிகிறது. வலது பாதியை வேன் மறைத்துவிட்டது. தெரிகிற அந்த ஒரு மூலையில் ஆரஞ்சு விளக்கு மின்னுகிறது. நான் என்ன படிப்பேன்? கார் என் சாலைக்குள் திரும்பப் போகிறது. ஆகவே, வேன் கடந்ததும் நான் வெளியே வரலாம்.

காரில் இருப்பவரோ ஹசார்ட் போட்டிருக்கிறார். அவர் நேராகத்தான் வருகிறார்.

அவர் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். 20 மீட்டர் தொலைவில் இருக்கும்போது நான் குறுக்கே வந்துவிட்டேன் என்று கொள்வோம். அவர் என்னைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது. அதற்குள் 14 மீட்டர் போய்விட்டது. மீதி 6 மீட்டர். காய்ந்த சாலையில் நன்றாக அழுத்தினாலும் அந்த வேகத்திலிருந்து முழுதாக நிற்க இன்னும் 14 மீட்டர் வேண்டும். என் கதவில் மோதும்போது அவருடைய வேகம் ஏறக்குறைய 38 கிலோமீட்டராக இருக்கும். நல்லவேளை, அன்று நான் வெளியே வரவில்லை. வேன் சற்று விலகியதில் கடைசி நேரத்தில் வலது விளக்கும் கண்ணில் பட்டது. வந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். தான் தெளிவாக சைகை காட்டியதாகவே அவர் நினைத்திருப்பார்.

இண்டிகேட்டர் என்பது ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் இருட்டாக இருப்பதால் பொருள் தருவது. ஹசார்டைப் பிரித்தறிய இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். சாலையில் அப்படித் தெரியாத இடங்களே அதிகம். ஓரமாக வரிசையாக நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே ஒருவர் ஹசார்ட் போட்டு நின்றாலும் இதே குழப்பம்தான். பின்னால் நிற்கும் வண்டி அவருடைய இடது விளக்கை மறைத்துவிட, வருபவருக்கு வலது விளக்கு மட்டும் தெரியும். நிற்கிற வண்டி சாலைக்குள் புறப்படப் போகிறது என்று அவர் நினைத்து வலப்பக்கம் ஒதுங்குவார், எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்காமலும் ஒதுங்குவார்.

நேராகப் போவதற்கு சைகையே கிடையாது. விளக்கு எதுவும் மின்னாமல் இருப்பதுதான் 'நேராகப் போகிறேன்' என்பதன் பொருள். சும்மா இருப்பதும் ஒரு செய்தி என்பதை ஏற்றுக்கொள்ள மனம் வருவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கனமழை. மழை அடித்துக் கொட்டும்போது ஓடும் வண்டியிலேயே ஹசார்ட் போடுபவர்களின் எண்ணம் புரிகிறது: என்னைப் பாருங்கள் என்கிறார்கள். ஆனால் ஹசார்டுக்கு இண்டிகேட்டர் விளக்குகளே பயன்படுகின்றன. தனி விளக்கு கிடையாது. ஆகவே, பெரும்பாலான வண்டிகளில் ஹசார்ட் ஓடும்போது இண்டிகேட்டர் நெம்புகோலைத் தள்ளினால் வெளியே எந்த மாற்றமும் தெரியாது. தடம் மாறுவதைச் சொல்ல அவருக்கு வழியே இல்லை. சில புதிய கார்களில் நெம்புகோலைத் தள்ளினால் ஹசார்ட் தற்காலிகமாக ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை நிறுத்தி வைத்து ஒரு முறை சோதித்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு இழப்பு, பிரேக் விளக்கு. பின்னால் வருபவர் நனைந்த கண்ணாடி வழியே பார்க்கிறார். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னும் ஆரஞ்சுக்குப் பக்கத்திலேயே சிவப்பு சட்டென்று கூடியதை அவர் கண்டுபிடிக்க வேண்டும். மின்னுவது கண்ணை இழுக்கும், நிலையாக எரிவது பின்னுக்குப் போகும். சில நாட்டு வண்டிகளில் இண்டிகேட்டரும் பிரேக்கும் ஒரே சிவப்பு விளக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே குழப்பம் இன்னும் மோசம். மழைக்கு வேண்டியது ஹெட்லைட். அதைப் போட்டால் பின்விளக்குகள் தாமாக எரியும், இண்டிகேட்டரும் பிரேக்கும் தத்தம் பொருளோடு இருக்கும்.

அப்படியானால் ஹசார்ட் எப்போது? வண்டி பழுதாகி நிற்கும்போது. வேகச் சாலையில் திடீரென்று முன்னால் எல்லாரும் நின்றுவிட்ட நிலையில், பின்னால் பாய்ந்து வருபவர்களுக்குச் சொல்ல சில நொடிகள் போடுவதைப் பல நாட்டு விதிகள் அனுமதிக்கின்றன. பின்னால் வந்தவரும் வேகத்தைக் குறைத்துவிட்டார் என்று கண்ணாடியில் தெரிந்ததும் அணைத்துவிட வேண்டும். இந்த வேலையைச் சில கார்கள் தாமே செய்கின்றன. 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மிகக் கடுமையாகப் பிரேக் பிடித்தால், அவற்றின் பின்புற விளக்குகள் நொடிக்கு நான்கு முறை போலத் துடிக்கும். சாதாரண இண்டிகேட்டரைவிட இந்தத் துடிப்பு தெளிவாக வேகமானது. முன்னால் அப்படித் தெரிந்தால் யோசிக்காமல் பிரேக்கில் கால் வையுங்கள்.

சிவப்புக்கு வருவோம். பின்விளக்கும் சிவப்பு, பிரேக்கும் சிவப்பு. இரவில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒளியின் அளவு மட்டும்தான். பழைய வகை பல்பில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும்: 5 வாட் இழை பின்விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இந்த ஒளி வித்தியாசத்தைத்தான் பின்னால் வருபவர் படிக்கிறார். விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டினாலோ, இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி எரியும் மலிவான எல்இடி பல்பை மாட்டினாலோ அந்த வித்தியாசம் போய்விடுகிறது. அழகுக்குச் செய்வது, பிரேக்கையே ஊமையாக்கிவிடுகிறது.

பின்கண்ணாடியில் உயரமாக இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு இந்தச் சிக்கலுக்காக வந்ததுதான். 1974-இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் அதைப் பொருத்திப் பார்த்தார். பின்னாலிருந்து வந்து மோதுவது குறைந்தது. 1986-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்கா எல்லாப் புதிய கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. சாதாரணமாக ஓடும்போது அந்த விளக்கு எரியாது, பிரேக் பிடித்தால் மட்டுமே எரியும். அதனால் அளவை ஒப்பிடும் வேலை பார்ப்பவருக்கு இல்லை. அந்த விளக்கின் முன் பொம்மையையும் தலையணையையும் அடுக்கி வைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பிரேக் விளக்கில் ஓட்டுபவர் செய்யும் தவறு, மிதியின் மேல் பாதத்தைச் சும்மா வைத்திருப்பது. மிதி லேசாக அழுந்தினாலே விளக்கு எரிந்துவிடும், வேகம் குறைய வேண்டியதில்லை. பத்து நிமிடம் தொடர்ந்து எரியும் பிரேக் விளக்கை யாரும் நம்பமாட்டார்கள். உண்மையிலேயே நிற்கும்போது பின்னால் வருபவருக்கு அறிகுறியே இல்லாமல் போகும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் வேகத்தை இறக்கினால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் நெருங்கி வருபவருக்கு உங்கள் வண்டி ஒரு சொல்லும் சொல்லாமல் பெரிதாகிக்கொண்டே போகும். அப்போது மிதியை லேசாகத் தொட்டு விளக்கை எரியவிடுவது நல்ல பழக்கம். பேட்டரியில் ஓடும் கார்களில் ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி பிடித்து இழுக்கும். ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் பின்பற்றப்படும் ஐக்கிய நாடுகள் விதிப்படி, அந்த இழுப்பால் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் பிரேக் விளக்கு தானாக எரிந்தாக வேண்டும். 0.7-க்குக் கீழே எரியக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எரிவதும் எரியாததும் தயாரிப்பாளரின் விருப்பம். ஆகவே, அத்தகைய காருக்குப் பின்னால் போகும்போது விளக்கை மட்டும் நம்பாமல் இடைவெளியையும் பாருங்கள்.

அந்திநேரத் தவறு ஒன்று புதிய கார்களோடு வந்தது. பகல் விளக்குகள் முன்னால் பளிச்சென்று எரிகின்றன, உள்ளே மீட்டர்ப் பலகையும் ஒளிர்கிறது. ஓட்டுபவர் எல்லாம் போட்டாயிற்று என்று நம்புகிறார். பல கார்களில் பகல் விளக்கோடு பின்விளக்கு எரிவதில்லை. பின்புறம் முழு இருட்டு, உள்ளே இருக்கும் அவர் கண்ணில் அது படாது. மீட்டர்ப் பலகையில் பின்விளக்கு எரிவதைக் காட்டும் பச்சைக் குறி இருக்கும். அது ஒளிர்கிறதா என்று பார்த்தால் போதும். விளக்கைத் தானியங்கி நிலையில் வைப்பதும் முழுத் தீர்வு ஆகாது. பனிமூட்டம் பகலில் வெளிச்சமாகவே இருக்கும் என்பதால் உணர்வி ஏமாந்துபோகும்.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகமாக டிக் டிக் என்றால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது என்று பொருள். பல்புக்குப் பதில் எல்இடி மாட்டியவர்களுக்குப் பல்ப் போகாமலும் இப்படி ஓடும், மின்சாரம் குறைவாக இழுக்கப்படுவதால். மிதியை அழுத்தும்போது இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிந்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். விளக்குத் தொகுப்பின் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். பிரேக்கின் மின்சாரம் வேறு பல்ப் வழியாகத் திரும்ப வழி தேடுகிறது.

இவற்றைத் தனியாளாகவே சோதிக்கலாம். இருட்டிய பின் ஒரு வெளிறிய சுவருக்கு முன் பின்புறம் காட்டி, இரண்டு மீட்டர் விட்டு நிறுத்துங்கள். ஹெட்லைட்டைப் போடுங்கள், சுவரில் இரண்டு பக்கமும் மங்கலான சிவப்பு விழ வேண்டும். கண்ணாடியில் பார்த்தபடி மிதியை அழுத்தினால் அது திடுக்கென்று கூட வேண்டும், நடுவில் மூன்றாவதும் சேர வேண்டும். மிதியை விடாமலே இடது இண்டிகேட்டர், பிறகு வலது, பிறகு ஹசார்ட். கடைசியில் ஹசார்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள். எத்தனை முறை அழுத்தினீர்கள் என்பதைச் சுவரைப் பார்த்து எண்ண முடிகிறதா என்று பாருங்கள்.