ரெண்டு கேப்ஷன் டெஸ்ட் பண்ணும்போது எல்லாரும் பண்ற தப்பு (நானும் பண்ணினதுதான்)

போன வாரம் தெரிஞ்ச கடையில இன்ஸ்டா பேஜ் பாத்துக்கற பொண்ணு வந்து, "அக்கா, ரெண்டு கேப்ஷன் போட்டுப் பாத்தோம், ரெண்டாவது ஜெயிச்சிருச்சு, இனிமே அந்த ஸ்டைல்லயே போடப் போறோம்"னு சொன்னா. எவ்ளோ வித்தியாசம்னு கேட்டேன். பாத்தவங்கள்ல லைக், கமெண்ட் மாதிரி ஏதாவது செஞ்சவங்க ஒண்ணுல 3 பர்சென்ட், இன்னொண்ணுல 5 பர்சென்ட்டாம். சரி, ரெண்டுலயும் ஃபாலோயர்ஸ் எத்தன பேர், வெளி ஆளுங்க எத்தன பேர் பாத்தாங்கன்னு கேட்டா பதில் இல்ல, அதப் பாக்கணும்னே தெரியல. இதே மாதிரி ஒரே ஒரு பர்சென்ட்ட நம்பி நான் ஒரு தீபாவளி சீசனையே கோட்டை விட்டிருக்கேன், அதனால இத விவரமா எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

வேற வேற பொருளோட போட்டோ போட்டுட்டு கேப்ஷன் டெஸ்ட்னு சொல்றது, ஒண்ண சாயங்காலம் 7 மணிக்கும் இன்னொண்ண நடுராத்திரியும் போடறது, இதெல்லாம் தப்புன்னு உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

யார் பாத்தாங்கன்னு பிரிக்காம பர்சென்ட்ட மட்டும் பாக்கறது

மூணு தீபாவளிக்கு முன்னாடி, சின்னாளபட்டி சுங்குடி சேலை விக்கற ஒரு சின்ன கடைக்கு பேஜ் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரே சேலைய ரெண்டு கோணத்துல எடுத்து, ஒரு செவ்வாய் ஒண்ணு, அடுத்த செவ்வாய் இன்னொண்ணு, ரெண்டும் ஒரே நேரத்துக்கு போட்டோம். முதல் கேப்ஷன் நேரடியா இருக்கும்: "சின்னாளபட்டி சுங்குடி, காட்டன், 950 ரூபாய், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வரும்." ரெண்டாவது கதை மாதிரி: "அம்மாவோட பீரோவ திறந்ததும் ஒரு வாசனை வருமே, ஞாபகம் இருக்கா?" விலை போடல, டிஎம்ல கேளுங்கன்னு விட்டாச்சு.

ஒரு வாரம் கழிச்சு எடுத்த கணக்கு இது. விலை போட்டத 6000 பேர் பாத்திருந்தாங்க, லைக், கமெண்ட், சேவ், ஷேர் ஏதாவது ஒண்ணு செஞ்சவங்க 210 பேர், அதாவது 3.5 பர்சென்ட். பீரோ கேப்ஷன 2000 பேர் பாத்து 110 பேர் ஏதாவது செஞ்சாங்க, 5.5 பர்சென்ட். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த அஞ்சு வாரத்துக்கு, தீபாவளி வரைக்கும், எல்லா போஸ்ட்டும் பீரோ ஸ்டைல்லயே போட்டுத் தள்ளினேன். லைக் நல்லா வந்துச்சு, "சூப்பர்", ஹார்ட்டுன்னு கமெண்ட்டும் வந்துச்சு, ஆனா கடை வாட்ஸ்அப்ல வாரத்துக்கு நாப்பது பேர் விசாரிச்சிட்டு இருந்த இடத்துல பதினஞ்சு தாண்டல. கடைக்காரம்மா பண்டிகை முடிஞ்சதும் அலமாரியில மிச்சமிருந்த கட்டுகளைக் காட்டி, "லைக்க வச்சு நெசவுக்காரருக்கு பணம் குடுக்க முடியுமாம்மா?"ன்னு கேட்டாங்க. அந்த வருஷம் விசாரிப்பு குறைஞ்சதுக்கு கேப்ஷன் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த முடிவ எடுத்த விதம் தப்பு, அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

ஏன் தப்புன்னா, அந்த 6000 பேரும் இந்த 2000 பேரும் ஒரே மாதிரி ஆளுங்க இல்ல. போஸ்ட்ல View insights போயி கொஞ்சம் கீழ இறக்கினா பாத்தவங்கள்ல Followers எவ்ளோ, Non-followers எவ்ளோன்னு பர்சென்ட்டா வரும், ஏதாவது செஞ்சவங்களுக்கும் அதே மாதிரி பிரிச்சுக் காட்டும். நான் அத அப்ப பாக்கவே இல்ல, சீசன் முடிஞ்சப்புறம் உக்காந்து நோட்டுல பிரிச்சு எழுதினேன்:

விலை போட்ட கேப்ஷன்: ஃபாலோயர்ஸ் 1500 பேர் பாத்து 120 பேர் செஞ்சாங்க, 8 பர்சென்ட். வெளி ஆளுங்க 4500 பேர் பாத்து 90 பேர், 2 பர்சென்ட்.

பீரோ கேப்ஷன்: ஃபாலோயர்ஸ் 1600 பேர் பாத்து 104 பேர், 6.5 பர்சென்ட். வெளி ஆளுங்க 400 பேர் பாத்து 6 பேர், 1.5 பர்சென்ட்.

நல்லா பாருங்க. ஃபாலோயர்ஸ் கிட்டயும் விலை போட்டதுதான் மேல, வெளி ஆளுங்க கிட்டயும் விலை போட்டதுதான் மேல, ஆனா ரெண்டையும் சேத்து கூட்டினா மட்டும் பீரோ ஜெயிச்ச மாதிரி தெரியுது! கணக்குல எந்தப் பிசகும் இல்ல, கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. புள்ளியியல்ல இதுக்கு சிம்ப்சன் முரண்பாடுன்னு பேரு, எட்வர்ட் சிம்ப்சன் 1951ல இதப் பத்தி எழுதினாரு.

நடந்தது என்னன்னா, ஃபாலோயர்ஸ் நம்மள தெரிஞ்சவங்க, கடைக்காரம்மா முகத்துக்காகவே ஒரு லைக் தட்டிட்டுப் போவாங்க. வெளி ஆளுங்க அப்படி இல்ல, அவங்க கிட்ட 2 பர்சென்ட் வர்றதே பெருசு. விலையோட போட்டத "இங்க பாருடி, 950தான்"னு தங்கச்சிக்கும் ஆபீஸ் தோழிக்கும் அனுப்பியிருக்காங்க, ஷேர் எண்ணிக்கையிலயே அது தெரிஞ்சது, அதனால அது வெளிய போச்சு, வெளிய போனதால மொத்த பர்சென்ட் இறங்குச்சு. பீரோ கேப்ஷன் வீட்டுக்குள்ளயே சுத்துச்சு, அதனால பர்சென்ட் ஒசந்து நின்னுச்சு. ஒரு போஸ்ட் எவ்ளோ தூரம் போகுதோ அவ்ளோ பர்சென்ட் கொறையும், நமக்கு வேண்டியது தூரமா போறதுதான், ஆனா அந்த பர்சென்ட்ட மட்டும் பாத்தா தூரமா போனத தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குள்ள சுத்தினத வச்சுக்குவோம். நான் செஞ்சது அதுதான்.

இதுலயும் ஒரு ஜாக்கிரதை வேணும். 8க்கும் 6.5க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் நிஜமா, இல்ல அன்னைக்கு அப்படி அமைஞ்சதா? கையால பாக்க ஒரு வழி இருக்கு. ரெண்டு பக்கமும் பாத்தவங்க எண்ணிக்கை ஏறக்குறைய ஒண்ணா இருந்தா (இங்க 1500, 1600), செஞ்சவங்க எண்ணிக்கை ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து ரெண்டால பெருக்குங்க. 120 கூட்டல் 104, 224. வர்க்கமூலம் 15, ரெண்டால பெருக்கினா 30. வித்தியாசம் 30க்கு மேல இருந்தாத்தான் நம்பலாம். நம்ம வித்தியாசம் வெறும் 16. அப்போ இந்த ஒரு ரவுண்ட வச்சு விலை கேப்ஷன் ஜெயிச்சதுன்னும் சொல்ல முடியாது, பீரோ ஜெயிச்சதுன்னு சொல்ல சுத்தமா முடியாது. பீரோவுக்கு வெளி ஆளுங்க பக்கம் ஆறே ஆறு பேர், அத வச்சு எதையும் பேசக்கூடாது.

அதனால ஜனவரியில மறுபடி நாலு ஜோடி போட்டோம், ஒவ்வொரு வாரமும் எது முதல்ல போகணும்னு மாத்தி மாத்தி. நோட்டுல ஃபாலோயர்ஸ்க்கு ஒரு பத்தி, வெளி ஆளுங்களுக்கு ஒரு பத்தி, மூணாவதா வாட்ஸ்அப்ல எத்தன பேர் அந்த சேலைய கேட்டாங்கன்னு கடைக்காரம்மா கையால போட்ட கோடு. நாலு ஜோடியையும் கூட்டினப்புறம் ஃபாலோயர்ஸ் பக்கம் வித்தியாசம் பெருசா இல்ல, ஆனா வெளி ஆளுங்க பக்கமும் வாட்ஸ்அப் கோட்டுலயும் விலை போட்டது தெளிவா முன்னாடி நின்னுச்சு. அதத்தான் வச்சுக்கிட்டோம்.

"விலை என்ன?"ங்கற கமெண்ட்ட வெற்றின்னு எண்றது

பீரோ கேப்ஷன்ல கமெண்ட் ஏன் ஜாஸ்தி வந்துச்சுன்னு திறந்து பாத்தா பாதி "ரேட்?", "விலை ப்ளீஸ்". விலைய மறைச்சா கமெண்ட் வரத்தான் செய்யும், அது கேப்ஷனோட அழகுனால வந்தது இல்ல. அதுக்கு நாம போடற "டிஎம் பண்ணிருக்கோம் மா"வும் கமெண்ட் எண்ணிக்கையில சேந்துடும், அப்போ ஒரு கேள்வி ரெண்டா ஆயிடுது. கமெண்ட்ட எண்ணாதீங்க, படிங்க. விலை கேட்டு கமெண்ட் போட்டவங்கள்ல எத்தன பேர் வாங்கினாங்கன்னு பாத்தீங்கன்னா இன்னும் நல்லது, எங்க கடையில ரொம்ப பேர் பதில் வர்றதுக்குள்ள வேற பக்கம் போயிட்டாங்க.

வித்தியாசத்த "... more"க்கு கீழ வைக்கறது

முதல் ரெண்டு வரிதான் ஃபீட்ல தெரியும், அதுல மாத்தலன்னா நீங்க டெஸ்ட்டே பண்ணல.

போட்ட கேப்ஷன நடுவுல எடிட் பண்ணி முன்ன பின்ன பாக்கறது

வேண்டாம். போஸ்ட்டுக்கு வர்றதுல பெரும்பங்கு முதல் நாள்லயே வந்துடும், ரெண்டாவது கேப்ஷன் எப்பவுமே தோக்கும்.

விளம்பரத்துல ஒரே ஆட் செட்டுக்குள்ள ரெண்டையும் போடறது

காசு போட்டு டெஸ்ட் பண்றவங்களுக்கு இது. ஒரு ஆட் செட்டுக்குள்ள ரெண்டு கேப்ஷன போட்டா, சிஸ்டம் ரொம்ப சீக்கிரமே எது ஓடுதுன்னு தானா ஊகிச்சு காசுல பெரும்பகுதிய அது பக்கம் தள்ளிடும், இன்னொண்ணுக்கு வாய்ப்பே கிடைக்காது, அத தோத்துச்சுன்னு நீங்க எழுதி வச்சுக்குவீங்க. Ads Manager-ல A/B test-னு தனியா ஒண்ணு இருக்கு, அது ஆளுங்கள ரெண்டா பிரிச்சு ஒருத்தருக்கு ஒண்ணு மட்டும் காட்டும். மேல நான் பட்ட பாட்டுக்கு ஓரளவு மருந்து அதுதான், ஏன்னா பிரிக்கறது குலுக்கல் மாதிரி நடக்குது, ஆனா ஒவ்வொரு பக்கத்துலயும் யாருக்குக் காட்டறதுன்னு சிஸ்டம்தான் முடிவு பண்ணும், அதனால பாத்தவங்க கலவை முழுசா ஒண்ணா இருக்கும்னு சொல்ல முடியாது.

காசு போட முடியாதவங்க ரீல்ஸ்னா, உங்க அக்கவுண்ட்ல Trial reel வந்திருக்கான்னு பாருங்க. அது முதல்ல ஃபாலோயர்ஸ்க்குப் போகாது, பெரும்பாலும் வெளி ஆளுங்களுக்குத்தான் போகும், அதனால கலவை பிரச்சன ரொம்ப இல்ல. ஆனா நல்லா ஓடினா 72 மணி நேரத்துக்குள்ள தானாவே எல்லாருக்கும் போட்டுடற ஒரு செட்டிங் அதுல இருக்கு, அத ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிங்க, இல்லன்னா ஒண்ணு மட்டும் ஃபாலோயர்ஸ் கிட்ட போயி ஏறிடும், மறுபடி அதே பீரோ கதைதான்.

ரெண்டு மணி நேரத்துல ஜெயிச்சவங்கள அறிவிக்கறது

முதல் ரெண்டு மணி நேரம் பாக்கறவங்க பெரும்பாலும் உங்க பழைய ஃபாலோயர்ஸ். ஏழு நாள் கழிச்சு ஒரு தடவ பாருங்க, ரெண்டு போஸ்ட்டுக்கும் சரியா அதே ஏழாவது நாள். அந்தப் பொண்ணுகிட்டயும் இதத்தான் சொன்னேன், நேத்து நோட்டுல மூணு பத்தி கோடு போட்டு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா, மூணாவது பத்தியில "கடைக்கு வந்து கேட்டவங்க"ன்னு அவளே சேத்திருக்கா, அது எனக்குக்கூட தோணல.