ரியாக்‌ஷன் வீடியோ: ட்ரைலர் சத்தமும் நம் குரலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக வளர்ந்த பிள்ளைகள் நிறைய. மலையாள ட்ரைலருக்குத் தமிழில் ரியாக்‌ஷன் வீடியோ போடுவது அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் சொல்வது காதில் விழ வேண்டுமே. போன மாதம் சித்தி மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, ட்ரைலர் சத்தத்த மட்டும் கொறைக்கப் பாத்தேன், என் கொரலும் சேந்தே கொறையுதுங்ணா" என்றான்.

அவன் பதிவு செய்தது ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில். தனித்தனி ட்ராக் வேண்டும் என்று தெரிந்து Settings-இல் Output போய், Output Mode-ஐ Advanced ஆக்கி, Recording பகுதியில் 1, 2, 3 மூன்றையும் டிக் செய்திருந்தான். ஃபைலில் மூன்று ட்ராக்கும் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டால் மூன்றிலும் அதே கலவை!

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். அந்த டிக், எத்தனை ட்ராக் ஃபைலில் எழுத வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. எந்தச் சத்தம் எந்த ட்ராக்குக்குப் போக வேண்டும் என்பதை வேறிடத்தில் சொல்ல வேண்டும். ஆடியோ மிக்ஸரில் Advanced Audio Properties-ஐத் திறந்தால், மைக், டெஸ்க்டாப் ஆடியோ என ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆறு கட்டங்கள் இருக்கும். நாம் தொடாத வரை ஆறிலும் டிக் இருக்கும், அதாவது எல்லாச் சத்தமும் எல்லா ட்ராக்கிலும் போகும். மைக்குக்கு 1, 2 மட்டும் வையுங்கள். ட்ரைலர் சத்தம் வரும் டெஸ்க்டாப் ஆடியோவுக்கு 1, 3 மட்டும். முதல் ட்ராக் சும்மா போட்டுப் பார்க்க. எடிட்டுக்கு இரண்டும் மூன்றும். பல பிளேயர்கள் முதல் ட்ராக்கை மட்டுமே ஒலிக்கும் என்பதால், பிரிந்திருக்கிறதா என்று அறிய விஎல்சியில் Audio மெனுவில் Audio Track மாற்றிக் கேளுங்கள்.

கட்டங்களைச் சரிசெய்து அவன் மறுபடி எடுத்தான். இந்த முறை மைக் ட்ராக்கில் அவன் குரல், அதன் பின்னால் மெலிதாக மலையாள வசனம். லேப்டாப் ஸ்பீக்கரில் ட்ரைலரை ஓட்டியிருந்தான், அதை மைக் பிடித்துவிட்டது. மூன்றாம் ட்ராக்கோடு சேர்த்துக் கேட்டால் ஒரே வசனம் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு முறை வந்து, குடத்துக்குள் பேசுவது போலக் குழைகிறது. இதை எடிட்டில் சுத்தமாக நீக்க முடியாது. ஒயர் வைத்த ஹெட்போன்தான் மருந்து. ப்ளூடூத் வேண்டாம்: சத்தம் தாமதித்துக் காதுக்கு வருவதால், சிரிப்பும் காட்சி முடிந்த பிறகே வரும். அதன் மைக்கையும் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் போன் கால் தரத்துக்கு இறங்கிவிடும்.

ஹெட்போன் போட்ட பிறகும் எதிரொலி கேட்டால், ட்ரைலர் சத்தம் இரண்டு வழியில் நுழைகிறதா பாருங்கள். Desktop Audio ஓடும்போதே, ஒரு செயலியின் சத்தத்தை மட்டும் பிடிக்கும் Application Audio Capture-உம் சேர்த்திருப்பார்கள். ஒன்றை மியூட் செய்தால் போதும்.

இப்படிப் பிரித்த பின் எடிட்டில் வேலை எளிது. அவன் பேசும் இடங்களில் மட்டும் ட்ரைலரை 12 முதல் 15 டெசிபல் வரை இறக்கினோம். சட்டென்று வெட்டாமல் கால் வினாடி சரிவு கொடுத்தோம். பேச்சு நின்றதும் மெல்ல ஏற்றினோம். ஒரு இடத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை: நாயகி பேசும் வசனத்தின் மேலேயே அவன் விளக்கம் சொல்லியிருந்தான். இரண்டு பேச்சு, அதுவும் இரண்டு மொழியில், ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் எத்தனை டெசிபல் குறைத்தாலும் காது குழம்பும். வசனம் முடிந்ததும் ட்ரைலரை நிறுத்தி, நின்ற படத்தின் மேல் பேச வைத்தேன்.

முகம் தெரியும் சின்னக் கட்டத்தைக் கீழே வைப்பது அடுத்த தவறு. அங்கேதான் சப்டைட்டில் வரும். மலையாளம் தெரியாதவர் அதை நம்பித்தான் பார்க்கிறார். 1920 அகலத் திரையில் 480 அகலம் போதும், மேல் வலது மூலையில் வையுங்கள். ஓபிஎஸ்ஸில் Alt-ஐ அழுத்தியபடி ஓரத்தை இழுத்தால் பின்சுவர் வெட்டுப்பட்டு முகம் கட்டத்தில் நிறையும். சோர்ஸ் பட்டியலில் கேமரா ட்ரைலருக்கு மேலே இருக்க வேண்டும், கீழே போனால் மறைந்துவிடும்.

வலது மூலையில் இருப்பவர் பார்வை இடப்பக்கம், ட்ரைலரை நோக்கி இருக்க வேண்டும். தம்பி வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். Flip Horizontal கொடுத்தேன், பார்வை திரும்பியது. கூடவே பனியனில் இருந்த எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பியது. கடைசியில் கேமராவை மேசையின் மறுபக்கம் மாற்றி வைத்துத்தான் எடுத்தோம்.